இலக்கு நெடுவரிசையில் நுழையும் பாரபட்சம்

“சாதி, மதம், பாலினம் ஆகிய விவரங்களைத் தரவிலிருந்து எடுத்துவிட்டோம், ஆகவே எங்கள் மாடலில் பாரபட்சம் இல்லை.” நம் துறையில் நல்ல அனுபவசாலிகளே இப்படி நம்பிச் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2019 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டிவிட்டது. அதை எழுதியவர்கள் நால்வர்: ஜியாட் ஓபர்மேயர், பிரையன் பவர்ஸ், கிறிஸ்டின் வோகெலி, தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன். மாடல் கட்டுகிற ஒவ்வொருவரும் அந்த ஆய்வின் உள்ளே நடந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதால் இந்த இதழின் ஆசிரியர் உரையை அதற்கே ஒதுக்குகிறேன்.

அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் நாட்பட்ட நோயாளிகளுக்கென்று ஒரு சிறப்புக் கவனிப்புத் திட்டம் உண்டு. தனிச் செவிலியர், கூடுதல் மருத்துவர் சந்திப்பு, தொடர்ந்த விசாரிப்பு எல்லாம் அதில் கிடைக்கும். இடங்கள் குறைவு. யாருக்கு இடம் தருவது என்பதைத் தீர்மானிக்க, ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் ஆபத்து மதிப்பெண் போடும் மாடலைப் பயன்படுத்தினார்கள். மதிப்பெண்ணில் முதல் 3 சதவீதத்துக்குள் வருபவர்கள் தாமாகவே திட்டத்துக்குத் தெரிவாவார்கள். மாடலுக்கு நோயாளியின் இனம் சொல்லப்படவே இல்லை.

ஆய்வாளர்கள் ஒரு பெரிய மருத்துவமனையின் 6,079 கறுப்பின நோயாளிகளையும் 43,539 வெள்ளையின நோயாளிகளையும் எடுத்துக்கொண்டார்கள். தெரிவு எல்லையில் ஒரே மதிப்பெண் பெற்று நின்றவர்களை ஒப்பிட்டபோது, வெள்ளையினத்தவருக்குச் சராசரியாக 3.8 நாட்பட்ட நோய்கள் இருந்தன, கறுப்பினத்தவருக்கு 4.8. அதாவது, அதே மதிப்பெண்ணை எட்டுவதற்கு ஒரு கறுப்பின நோயாளி கிட்டத்தட்ட கால்பங்கு அதிகமாக நோயுற்றிருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளி இல்லாதிருந்தால், தாமாகத் தெரிவாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்ந்திருக்கும் என்றும் கணக்கிட்டார்கள்.

பாரபட்சம் எந்த வழியாக வந்தது? உள்ளீட்டு நெடுவரிசைகளில் தேடினால் கிடைக்காது. அது இலக்கு நெடுவரிசையில் இருந்தது. ‘யாருக்குக் கவனிப்பு அதிகம் தேவை’ என்பதை நேரடியாக அளந்து வைத்த தரவு எவரிடமும் இல்லை. காப்பீட்டுக் கோரிக்கைகளிலோ, அடுத்த ஆண்டு ஒருவருக்கு எவ்வளவு மருத்துவச் செலவானது என்பது சுத்தமாகப் பதிவாகியிருந்தது. ஆகவே செலவையே கணிக்கும்படி மாடலைப் பழக்கினார்கள். அதிக நோய், அதிகச் செலவு என்பது மேலோட்டமாக நியாயமாகவே படுகிறது. ஆனால் செலவாக வேண்டுமானால் ஒருவர் முதலில் மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். பேருந்து வசதி இல்லாதவர், விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்றிருப்பவர், மருத்துவ அமைப்பின் மேலேயே நம்பிக்கை இழந்தவர், இவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரே அளவு நோயிருந்தும் கறுப்பின நோயாளிகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,801 டாலர் குறைவாகவே செலவிடப்பட்டிருந்தது. சிறப்பு மருத்துவர் சந்திப்புகளுக்கும் அறுவை சிகிச்சைக்குமான செலவு குறைவு. அவசர சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்குமான செலவு அதிகம். கிடைக்காமல் போன சிகிச்சையை மாடல் ‘தேவையில்லை’ என்று படித்துக்கொண்டது.

இந்த வழக்கில் என்னை மிகவும் கலங்க வைப்பது வேறொன்று. செலவைக் கணிப்பதில் அந்த மாடல் இன வேறுபாடின்றிச் சரியாகவே இருந்தது. ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தாருக்கும் பின்னர் ஆன செலவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நாம் வழக்கமாகச் செய்வதுபோல், பழக்கிய இலக்கையே வைத்துச் சோதித்திருந்தால் எல்லாம் சரி என்றே அறிக்கை எழுதியிருப்போம். கோணல் இலக்கிலேயே இருக்கும்போது, துல்லியம் கூடக்கூட அந்தக் கோணலும் அச்சுப் பிசகாமல் மாடலுக்குள் வந்துவிடுகிறது.

அளக்கும் முறை இங்கிருந்தே பிறக்கிறது. பழக்கப் பயன்படுத்தாத, ஆனால் உண்மைத் தேவைக்கு அருகிலிருக்கும் ஓர் அளவைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவத்தில் அது நோய்களின் எண்ணிக்கையாகவோ இரத்த அழுத்தம், HbA1c போன்ற பரிசோதனை அளவாகவோ இருக்கலாம். மதிப்பெண்களைப் பத்துச் சம பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இரு குழுக்களின் சராசரித் தேவையை அருகருகே வையுங்கள்:

```python
df["bin"] = pd.qcut(df["score"], 10, labels=False, duplicates="drop")
t = df.groupby(["bin", "group"])["need"].agg(["mean", "count"])
print(t.unstack("group"))
```

மாடல் நியாயமாக நடந்தால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு சராசரிகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒரு குழுவின் சராசரி வரிக்கு வரி மேலே நின்றால், அந்தக் குழுவின் தேவையை மாடல் குறைத்து மதிப்பிடுகிறது என்று பொருள். எல்லா வரிகளும் முக்கியம்தான் என்றாலும், முடிவு எடுக்கப்படும் எல்லையை ஒட்டிய வரியை முதலில் பாருங்கள். ஒருவருக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அங்கேதான் தீர்மானமாகிறது. எல்லை முதல் 3 சதவீதத்தில் இருந்தால் பத்துப் பகுதிகள் போதாது. நூறாகப் பிரிக்க வேண்டும்.

பகுதிகளைப் பெருக்கும்போது ஒவ்வொன்றிலும் ஆட்கள் குறைவார்கள். அதனால்தான் `count` நெடுவரிசையையும் சேர்த்திருக்கிறேன். நோய் எண்ணிக்கையின் திட்டவிலக்கம் 3 என்றும், ஒரு பகுதியில் குழுவுக்கு 30 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். இரு சராசரிகளின் வேறுபாட்டுக்கான திட்டப்பிழை ஏறத்தாழ 0.77 வரும். அப்போது ஒரு நோய் அளவு இடைவெளி தெரிந்தாலும் அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியும். குழுவுக்கு 300 பேர் இருந்தால் திட்டப்பிழை 0.25க்கு அருகில் இறங்கும். அதே இடைவெளியை இனி ஒதுக்க முடியாது. சிறிய குழுக்களுக்கு அருகருகான பகுதிகளைச் சேர்த்துப் பாருங்கள். ‘போதிய ஆட்கள் இல்லை’ என்பதைப் ‘பாரபட்சம் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த அட்டவணைக்குள் ஒரு பெரிய குறையும் உண்டு. தேவை அளவும் பதிவேட்டிலிருந்தே வருகிறது. மருத்துவமனைக்கே வராதவரின் சர்க்கரை நோய் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே பின்தங்கிய குழுவின் உண்மையான தேவை, அட்டவணை காட்டுவதைவிட அதிகமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. இடைவெளி தெரிந்தால் அதை ஒரு கீழெல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் நிம்மதியடைய அவசரப்படாதீர்கள். கடன் வழங்கலில் சிக்கல் இன்னும் கடினம். கடன் பெற்றவர் திருப்பிச் செலுத்தினாரா என்பது மட்டுமே வங்கிக்குத் தெரியும்; மறுக்கப்பட்டவர் செலுத்தியிருப்பாரா என்பதற்குத் தரவே கிடையாது. அங்கே இந்த அட்டவணை நாம் தேடவேண்டிய மக்களையே விட்டுவிடுகிறது.

இடைவெளி தெரிந்த பிறகு குழு விவரத்தை மாடலில் சேர்ப்பதா, எல்லையை மாற்றுவதா என்றே பலர் யோசிக்கிறார்கள். இந்த வழக்கில் பலன் தந்தது இலக்கை மாற்றியதுதான். ஆய்வாளர்கள் மாடலை உருவாக்கிய நிறுவனத்தோடு சேர்ந்து, செலவுக் கணிப்போடு உடல்நிலைக் கணிப்பையும் இணைத்து ஒரு புதிய இலக்கை அமைத்தார்கள். அதன்பின் அந்தப் பாரபட்சம் 84 சதவீதம் குறைந்தது.

இந்த அளவீட்டைச் செய்ய ஒரு நிபந்தனை மட்டும் தவிர்க்க முடியாதது: குழு விவரம் எங்காவது இருக்க வேண்டும். மாடலுக்குத் தராதீர்கள், தணிக்கைக்கெனத் தனியாக, பூட்டி, பாதுகாத்து வையுங்கள். முற்றிலும் அழித்துவிட்டால் பாரபட்சம் இருக்கும், அதைக் காணும் வழிதான் இருக்காது.

இனி இந்த இதழுக்கு, மனிதர்களை வரிசைப்படுத்தும் எந்த மாடலைப் பற்றிக் கட்டுரை அனுப்பினாலும், எதை இலக்காக வைத்தீர்கள், அது எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதை ஒரு பத்தியில் எழுதி, மேலே சொன்ன அட்டவணையையும் ஆள் எண்ணிக்கையோடு இணைத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.