யல்லா, ஹபீபி, வல்லாஹ்: அகராதி சொல்லாத பொருள்

அரபு பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் பிடித்துக்கொள்ளும் சொற்கள் யல்லா, ஹபீபி, வல்லாஹ். ‘வா, போகலாம்’, ‘என் அன்பிற்குரியவனே’, ‘இறைவன் மீது ஆணை’ என்று சொற்பட்டியல் பொருள் தரும். மூன்றும் பிழையற்றவை. ஆயினும் பெய்ரூத் நண்பர்கள் இருவரின் குறுஞ்செய்திகளை இப்பட்டியலைக் கொண்டு படித்தால், யார் கனிவுடன் பேசுகிறார், யார் பொறுமை இழந்துவிட்டார் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள நேரும். இச்சொற்களின் உணர்வை முடிவுசெய்வது அவற்றின் அகராதிப் பொருளன்று; அந்த நேரத்தில் யார் காத்திருக்கிறார், யார் காக்கவைக்கிறார் என்பதே என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துக் காட்டுகிறேன். இரு நண்பர்கள் எட்டு மணித் திரைப்படத்திற்குச் செல்ல வேண்டும். ஏழரைக்கு அரங்க வாயிலில் நிற்பவர் ‘யல்லா’ என்று எழுதுகிறார். மற்றவர் ‘யல்லா, ஜாய்’ என்கிறார். இதோ வந்துகொண்டிருக்கிறேன் என்பது பொருள். சொல் ஒன்றுதான். காத்திருப்பவரிடம் அது அவசரப்படுத்தல், தாமதிப்பவரிடம் அது இணக்கம். கால் மணி நேரம் கழித்து yallaaaa என்று வருகிறது. நீளும் அந்த உயிரெழுத்து பொறுமை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. படம் முடிந்து வீடு திரும்பியபின் இருவரும் ‘யல்லா, பை’ என்று விடைபெறுகிறார்கள். அங்கே அவசரம் ஏதும் இல்லை; ‘சரி, வரட்டுமா’ என்று நாம் எழுந்திருப்பதைப் போன்றது அது.

ஹபீபி இன்னும் ஏமாற்றும். ஹுப், அதாவது அன்பு, என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்த ‘ஹபீப்’ என்பதோடு ‘என்’ எனும் பொருள்தரும் ஈறு சேர்ந்தது அது. ஆண்கள் தம் ஆண் நண்பர்களை இயல்பாக இப்படி அழைப்பர். காதலுக்கு அங்கே இடமில்லை. நம் எடுத்துக்காட்டில் காத்திருப்பவர் ‘ஹபீபி, படம் எட்டு மணிக்கு’ என்று எழுதினால் அது கொஞ்சல் அன்று, கண்டிப்பு. ‘என் சாமி, கொஞ்சம் கிளம்பேன்’ என்று தமிழில் சொல்லும்போது சாமி எந்த வேலையைச் செய்கிறதோ, அதையே இங்கே ஹபீபி செய்கிறது. நுழைவுச்சீட்டை எடுத்து வைத்ததற்கு நன்றி சொல்லி, முடிவில் ‘ஹபீபி’ என்று சேர்த்தால் அது உண்மையான கனிவு. மறுப்பிற்கோ திருத்தத்திற்கோ முன்னால் வருவது அடியைத் தாங்கும் பஞ்சு. நன்றிக்குப் பின்னால் வருவது அன்பு. படிக்கத் தொடங்கிய நாள்களில் இத்தகைய கண்டிப்பொன்றைப் பாராட்டென எண்ணி, சிரிப்புக் குறியுடன் பதில் எழுதினேன். அன்று முழுவதும் மறுமொழி வரவில்லை.

வல்லாஹ் வேறு வகை. யல்லா ‘யா அல்லாஹ்’ என்ற விளியிலிருந்து வந்ததென்பதே பொதுவான விளக்கம். ஆனால் உரையாடலில் அதை யா, லாம், அலிஃப் என மூன்றே எழுத்துகளில் எழுதுகிறார்கள். இறைப்பெயர் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்டது. வல்லாஹ் என்பதில் அப்பெயர் முழுமையாக நிற்கிறது. முன்னாலுள்ள ‘வ’ ஆணைக்குரிய இடைச்சொல். குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், 89ஆம் வசனம், வாய்ப்பழக்கமாக வரும் ஆணையையும் மனமார உறுதிசெய்த ஆணையையும் பிரிக்கிறது. பின்னதை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது முதலிய பரிகாரங்களை விதிக்கிறது. எனவே நண்பர்களின் அரட்டையிலும் அச்சொல் முற்றிலும் எடையற்றதாகிவிடுவதில்லை. கேள்விக்குறியோடு ‘வல்லாஹ்?’ என்றால் ‘அப்படியா!’ என்ற வியப்பும் ஈடுபாடும் மட்டுமே. ‘வல்லாஹ், வழியில்தான் இருக்கிறேன்’ என்றால், யாரும் கேட்கும் முன்பே தம் சொல் நம்பப்படாது என்று எழுதுபவர் அஞ்சுகிறார். அதையே மூன்று முறை எழுதினால் எதிரிலிருப்பவரின் ஐயம் குறையாது, கூடும்.

மொழிபெயர்ப்போரும் உரையாடல் தரவுகளுக்குக் குறிப்பெழுதும் ஆய்வு மாணவர்களும் இச்சொற்களுக்கு ‘அன்பு’, ‘சினம்’ என்று ஒற்றைச் சீட்டு ஒட்டுவதை நிறுத்த வேண்டும். சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கிறதா முடிவில் நிற்கிறதா, அதற்கு முந்தைய செய்தி யாருடையது, அதில் கேட்கப்பட்ட எது இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய செய்தியை வெட்டிவிட்டுத் தனி வரியாகத் தரப்படும் ‘ஹபீபி’யை எந்த அரபு நண்பரிடம் காட்டினாலும், ‘இதற்கு முன் என்ன பேசினார்கள்?’ என்றுதான் கேட்பார்.