யார் கூற்று?

சென்ற கார்த்திகைத் திங்களில் எமது கல்லூரித் தமிழ்ப் பேரவையில் பேராசிரியர் ஒருவர், எல்லிஸ் துரையையும் கால்டுவெல் அத்தியட்சரையும் பற்றி நீண்டதொரு விரிவுரை நிகழ்த்தினார். எம் வகுப்பினருள் பதினெண்மர் அன்று நலப்பணி முகாமிற்குச் சென்றிருந்தமையால் அதனைக் கேளாதொழிந்தனர். அவர்கட்கு அதன் சாரத்தைக் கால்மணி நேரத்தில் எடுத்துரைக்கும் பணி எம்பால் வந்து சேர்ந்தது. நண்பர் ஒருவர் மூன்றாம் வரிசை மேசைமேல் வைத்திருந்த கைப்பேசியில் விரிவுரை முழுவதும் பதிவாகியிருந்தது. அதன் நீளம் 1 மணி 52 நிமிடம்.

"பதிவையே யாவர்க்கும் அனுப்பிவிட்டாற் போதுமே, பேச்செதற்கு?" என்றார் அந்நண்பர். அனுப்பியும் பார்த்தோம். ஒரு வாரத்தில் அதனை இறுதிவரை கேட்டவர் இருவரே. அவ்விருவரும் கரும்பலகையில் எழுதப்பட்டவை யாவையென எம்மை வினவினர். ஆகவே பேச்சு வேண்டுமென்பது உறுதியாயிற்று. அதனை எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதிலேதான் யாம் தவறினோம். அத்தவற்றினின்று எமக்குப் பிறந்த அபிப்பிராயத்தையே ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

முதலில் யாம் செய்தது இது. பதிவைக் கேட்டுக்கொண்டே வரிசையாகக் குறிப்பெடுத்தோம். ஏறத்தாழ எண்பதாம் நிமிடத்தில் பேராசிரியர் உரையை முடித்து அமர்ந்தார், கைதட்டல் கேட்டது. அதன்பின் நிகழ்ந்தவை மாணாக்கர் வினாக்களும் விடைகளுமே. வினவினோர் குரல் மின்விசிறி ஓசையில் அமிழ்ந்து ஒன்றும் விளங்காமையால், அப்பகுதி வேண்டாவென விட்டுவிட்டோம். எடுத்த குறிப்பைக் கொண்டு பேச்சை எழுதி, விடுதியில் இரு நண்பர் முன்னிலையில் ஒத்திகையும் பார்த்தோம்.

அப்பேச்சின் நடுவே, "எல்லிஸ் துரை 1816-ஆம் ஆண்டிலேயே கண்டு வெளியிட்டதைக் கால்டுவெல் 1856-இல் தம் கண்டுபிடிப்பாகக் காட்டிக்கொண்டார், முன்னவர் பெயரை மறைத்தார்" என்று கூறினோம். நண்பருள் ஒருவர் கைமறித்து, "பேராசிரியரா அங்ஙனம் சொன்னார்?" என்றார். "ஆம், பன்னிரண்டு நிமிடம் சொன்னார்" என்று விடையிறுத்தோம். ஆயினும் உறக்கம் வரவில்லை. மறுநாள் விடியலில் எஞ்சிய பகுதியையும் செவிப்பொறி மாட்டிக்கொண்டு கேட்டோம். தொண்ணூற்றேழாம் நிமிடத்தில், எவரோ வினவியதற்கு விடையாக, பேராசிரியர் அக்கொள்கையை அடியோடு களைந்திருந்தார்!

அவர் காட்டிய சான்று எளியது. கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தின் முகவுரையிலேயே, இத்துறையில் முதன்முதற் கொழு செலுத்தியவர் எல்லிஸ் என்று பெயர் சுட்டி ஒப்புக்கொண்டுள்ளார். காம்பெல் என்பார் இயற்றிய தெலுங்கிலக்கணத்தின் முன்னுரையோடு எல்லிஸ் சேர்த்த அவ்வாராய்ச்சி மிகச் சுருங்கியதென்றும், அது மூன்று மொழிகளின் சொற்களை ஒப்பிட்டதேயன்றி இலக்கண வடிவங்களை ஒப்பிட்டதன்று என்றும் அங்கே வரையறுத்துள்ளார். அவ்வரையறை எல்லிஸுக்கு முழு நீதி செய்ததா என்பது வேறு வினா. பேராசிரியரும் அதனை வினாவாகவே விட்டார். மறைத்தார் என்பது மட்டும் நில்லாது. யாமோ, இறந்துபட்ட ஒருவர்மீது அடாப்பழியொன்றைப் பேராசிரியர் வாயில் வைத்துப் பதினெட்டுப் பேர்க்குச் சொல்லவிருந்தோம். அவருட் சிலர் அதனைத் தேர்விலும் எழுதியிருப்பர்.

எங்ஙனம் நேர்ந்தது இப்பிழை? முப்பத்தொன்றாம் நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். அக்கொள்கையைத் தொடங்குமிடத்தில் பேராசிரியர் ஒரே ஒருமுறை "என்று சொல்வாரும் உளர்" என்கிறார். பின்னர்ப் பன்னிரண்டு நிமிடம் அச்சொல் மீண்டும் வரவேயில்லை. எதிரியின் கட்சியைத் தம் கட்சிபோலவே வலிமையாக விரித்துரைக்கிறார். நேரிலிருந்தோர்க்கு அவர் முகக்குறிப்பும் கையசைவும் துணைநின்றன. பதிவில் குரலன்றி வேறில்லை. நன்னூலார் கூறிய எழுவகை மதங்களுள் பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதலும் ஒன்று எனப் பாடம் ஒப்பித்த யாம், அது கண்முன் நிகழ்ந்தபோது அறிந்திலேம். மேற்கொண்டதற்கும் களைந்ததற்கும் இடையே ஒருமணி நேரத்துக்குமேற் கழியுமென்று நன்னூல் நமக்குச் சொல்லவில்லையே!

அகப்பாட்டுக்களின் கீழே, இது தலைவி கூற்று, இது தோழி கூற்று என்று குறித்துவைத்த பழையோர் பேருதவி செய்தனர். அக்குறிப்பு இல்லையேல் தோழி தலைவனைப் பழிப்பதைத் தலைவி பழிப்பதாகக் கொண்டு மயங்குவோம். விரிவுரையைச் சுருக்குவோனும் அதையே செய்தல் வேண்டுமென்பது எம் துணிபு. எனவே இரண்டாம் முறை எமது குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வகுத்தோம்: நிமிடம், கூற்று யாருடையது, சொல்லப்பட்டது என்ன, அதற்குச் சான்று என்ன. ஒருமுறை முழுவதும் எழுதாமற் கேட்டு, "ஆகவே", "ஆனால்", "இது நிற்க" என்னும் சொற்கள் வருமிடங்களில் நிமிடத்தை மட்டும் குறித்தோம். அவ்விடங்களிலேதான் கூற்று மாறும். மறுமுறை அவ்விடங்கட்கு மட்டும் திரும்பிச் சென்று ஏனைய பத்திகளை நிரப்பினோம். பதிவை ஒன்றரை மடங்கு விரைவில் ஓடவிட்டுக் கேட்பது காலத்தை மிச்சப்படுத்தும் என்பர். கதை சொல்லுமிடங்கட்கு அது தகும். குரல் தாழ்ந்து "என்பர்" என்று முடியுமிடங்கள் அவ்விரைவில் செவிக்கு எட்டுவதில்லை.

கரும்பலகையின் குறையும் இருந்தது. "இதற்கு இது, இதற்கு இது, பார்த்தீர்களா?" என்ற குரலைப் பதிவில் கேட்டோம், எதற்கு எதுவென்று தெரியவில்லை. அன்று வந்திருந்த தோழி ஒருவரின் குறிப்பேடு எம்மைக் காத்தது. தமிழிற் செவி என்பது கன்னடத்திற் கிவி, சேரி என்பது கேரி. முன்னிருந்த ககரம் இங்கே சகரமாயிற்று என்பதே பலகையில் இருந்தது. இத்தகைய இணைகளால் மொழிகளின் உறவு எவ்வாறு விளங்குகிறதென்பதே விரிவுரையின் உயிர். அதற்குப் பேராசிரியர் செலவிட்டது ஆறு நிமிடமே. எல்லிஸ் துரை சென்னையிற் கிணறு தோண்டியதும், அதன் கல்வெட்டில் திருக்குறளை எடுத்தாண்டதும், 1819-இல் இராமநாதபுரத்தில் மாண்டதுமாகிய வரலாற்றுக்கு இருபத்தைந்து நிமிடம் சென்றது. கேட்க இன்பமானது அவ்வரலாறே. ஆனாலும் அதனை மூன்று வாக்கியங்களில் அடக்கி, செவி கிவிக்கு நான்கு நிமிடம் அளித்தோம்.

இங்ஙனம் அளவை மாற்றுதல் பேராசிரியர்க்குச் செய்யும் துரோகமென்று எம் நண்பருட் சிலர் வாதித்தனர். 112 நிமிடத்தைப் பதினைந்தாக்குவோன் ஒவ்வொரு பகுதியையும் ஏழிலொரு பங்காகவே குறைத்தல் வேண்டுமாம்! அவ்வாறு செய்திருப்பின் பலகைப் பாடத்துக்கு ஒரு நிமிடமும் எஞ்சியிராது. அதனாற் கேட்போர்க்கு ஒன்றும் விளங்கியிராது. நிமிடக் கணக்கு பேசுவோரின் விருப்பத்தையும் அவையின் சிரிப்பையும் பொறுத்தது. எதனை நீக்கினால் வாதம் நில்லாதோ அதற்கே இடமளித்தல் வேண்டும். ஆயின் அளவை மாற்றிய செய்தியைக் கேட்போர்க்கு மறையாமற் சொல்லுதல் கடன். அதனைத் தொடக்கத்திலேயே சொன்னோம்.

மார்கழி முதல் வாரத்தில் பேசினோம். பதினைந்து நிமிடம் பதினெட்டாயிற்று. எதிர்க்கட்சியை விரிக்கப் புகுமுன் "இது பிறர் கூற்று" என்று பலகையின் இடப்புறத்தில் எழுதி, களைந்து முடித்தபின்னரே அழித்தோம். பதிவில் விளங்காத வினாக்கள் இரண்டையும் விளங்காதவை என்றே அறிவித்து, அவற்றின் விடைகளை விட்டுவிட்டோம். முடிவில் ஒருவர் எழுந்து, "எல்லிஸ் இலக்கண வடிவங்களை ஒப்பிடவேயில்லை என்பது யார் கூற்று?" என்றார். கால்டுவெல் கூற்று என்றோம். "அப்படியாயின் எல்லிஸ் எழுதியதை யார் படித்துப் பார்த்தது?" என்றார் அவர். யாம் படித்திலேம். அந்நூலைத் தேடி இப்போது இருவரும் நூலகத்துக்குச் சென்று வருகிறோம்.