கடையில் நடந்த விற்பனை கூகளுக்கு எப்படித் தெரியும்?

கூகளில் விளம்பரம் செய்யும் கடைகளில் பல, பொருளை இணையத்தில் விற்பதில்லை. ஜொகூரில் சமையலறை அலமாரி செய்பவர், வீடு புதுப்பிப்பவர், டியூஷன் நிலையம் நடத்துபவர் ஆகியோருக்கு விளம்பரம் கொண்டுவருவது விசாரிப்பு மட்டுமே. விலை பேசுவது, முன்பணம் வாங்குவது எல்லாம் கடையிலோ புலனத்திலோ நடக்கும். விளம்பர ஏலத்தை நடத்தும் கணினிக்கு அந்தப் பாதி தெரியாது.

தெரியாததால் என்ன ஆகும்? ஸ்கூடாயில் ஓர் அலமாரிக் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 3,000 ரிங்கிட்டை இரண்டு வகைத் தேடல்களுக்குச் சரிபாதியாகச் செலவிடுகிறது. 'மலிவு அலமாரி' என்று தேடியவர்களிடமிருந்து 45 விசாரிப்புகள் வருகின்றன. ஒருவர் மட்டுமே வாங்குகிறார். 'வீட்டுக்கேற்ற அலமாரி வடிவமைப்பு' என்று தேடியவர்களிடமிருந்து 15 விசாரிப்புகள்தான். ஆனால் ஐவர் வாங்குகிறார்கள். கணினி பார்ப்பது விசாரிப்பின் விலையை மட்டுமே. முதல் வகையில் அது 33 ரிங்கிட், இரண்டாவதில் 100. எனவே பணத்தை மலிவுத் தேடல் பக்கமே தள்ளும். ஆனால் ஒரு விற்பனைக்கான செலவோ முதலாவதில் 1,500 ரிங்கிட், இரண்டாவதில் 300. கணினி சொன்ன வேலையைத்தான் செய்தது. விற்பனையை அதனிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்கு வழி இருக்கிறது. விளம்பரத்தைச் சொடுக்கும்போது இணைய முகவரியின் வாலில் `gclid` என்ற நீண்ட அடையாளம் ஒட்டிக்கொள்ளும். விசாரிப்புப் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து அதைப் பிடித்து, வாடிக்கையாளரின் பெயரோடு சேமித்துவிட வேண்டும். முன்பணம் வந்ததும் கடை ஒரு வரியைக் கூகளுக்கு ஏற்றும். அந்தக் கோப்பின் தலைப்புகள் இவை:

```
Google Click ID,Conversion Name,Conversion Time,Conversion Value,Conversion Currency
```

கடைசித் தலைப்பு நம் மாநிலத்துக்கு முக்கியம். பாலம் கடந்து வந்த வாடிக்கையாளர் 6,000 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்திருப்பார். அங்கே SGD என்று எழுதாமல் விட்டால், ரிங்கிட் கணக்கில் அது 6,000 ரிங்கிட்டாகவே பதிவாகும். நல்ல வாடிக்கையாளரைக் கணினி சுமாரானவராக எடைபோட்டுவிடும்.

புலனத்தில் வரும் விசாரிப்புதான் பெரிய ஓட்டை. பொத்தானை அழுத்தியதும் பேச்சு வேறு செயலிக்குப் போய்விடுகிறது. அடையாளம் இணையப்பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. சில கடைகள் முதல் செய்தியில் ஒரு குறிப்பெண்ணைத் தானாக இட்டு, அதை அடையாளத்தோடு இணைத்து வைக்கின்றன. வாடிக்கையாளர் அதை அழித்துவிட்டு 'ஹாய்' என்று மட்டும் அனுப்பினால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு வழி, கைப்பேசி எண்ணை வைத்துப் பொருத்துவது. படிவத்தில் கொடுத்த எண்ணை SHA-256 என்ற கணிப்புமுறையால் புரியாத எழுத்துச் சரமாக்கி இணையப்பக்கம் அனுப்பும். விற்பனை முடிந்ததும் கடையும் அதே எண்ணை அதே முறையில் அனுப்பும். இரண்டு சரங்களும் ஒத்துப்போனால் விற்பனை பதிவாகும். ஓர் இலக்கம் மாறினாலும் சரம் முழுவதும் வேறாகிவிடும். ஊழியர் ஏட்டில் 012 என்று தொடங்கி எழுதியிருப்பார், தேவைப்படுவதோ +6012. சிங்கப்பூர் எண்ணுக்குப் பழக்கதோஷத்தில் +65க்குப் பதில் +60 போட்டாலும் கதை முடிந்தது. மாத இறுதியில் ஏட்டிலுள்ள முன்பணங்களையும் கணக்கில் பதிவான விற்பனைகளையும் பக்கத்தில் வைத்து எண்ணினால் இது தெரிந்துவிடும். ஆனால் விற்பனை முன்பணம் வந்த நாளில் அல்ல, சொடுக்கிய நாளின் கணக்கில் சேரும். அதனால் போன மாத எண்ணிக்கை இந்த மாதம் கூடினால் பயப்பட வேண்டாம்.

காலக்கெடுவும் உண்டு. சொடுக்கி 90 நாள் தாண்டிய விற்பனையை `gclid` வழியாக ஏற்ற முடியாது. புது வீட்டின் சாவிக்காகக் காத்திருப்பவர் அதற்கு மேலும் எடுத்துக்கொள்வார். தவிர, மாதம் ஆறு விற்பனையிலிருந்து எந்த ஏலமும் அதிகம் கற்றுக்கொள்ளாது. ஆகவே வீட்டை அளந்து பார்த்த கட்டத்தையும் சேர்த்து ஏற்றுவது சிறிய கடைக்குப் பொருந்தும். அது விற்பனை ஆகாது. ஆனால் வெறும் விசாரிப்பைவிட மேல்.

எனக்கு உறுத்துவது வேறு. எண்ணைச் சரமாக்கிவிட்டோம், இனி அது தனிப்பட்ட தகவல் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். மலேசியக் கைப்பேசி எண்கள் மொத்தமே சில பத்துக் கோடிகளுக்குள் அடங்கும். எல்லாவற்றையும் சரமாக்கி ஒப்பிட ஒரு கணினிக்கு அதிக நேரம் பிடிக்காது. அதோடு, யாரென்று கண்டுபிடிப்பதற்காகத்தானே அந்தச் சரத்தை அனுப்புகிறோம்! 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகவலை எதற்காகத் திரட்டுகிறோம், யாருக்குக் கொடுக்கக்கூடும் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அலமாரிக்கு விலை கேட்டவருக்குத் தம் எண் விளம்பர நிறுவனத்துக்கும் போகிறது என்பது, படிவத்தின் அடியிலுள்ள அந்த அறிவிப்பில் எழுதியிருந்தால்தான் தெரியும்.