தோராயம் வேறு, குருட்டு ஊகம் வேறு

தோராய விடை கேட்கும் வினாவைத் திருத்த முடியாது, எதை எழுதினாலும் சரியாகிவிடும் என்கிறார்கள். ‘398 × 52 தோராயமாக எவ்வளவு?’ என்று கேட்டால் அப்படித்தான் ஆகும். மாணவர் முழுதாகப் பெருக்கிவிட்டு, விடையை முழுமையாக்கி எழுதிவிடுவார். குறை வினா அமைப்பில் இருக்கிறது.

1978இல் அமெரிக்காவின் தேசிய அளவிலான தேர்வொன்றில் 13 வயதினரிடம் 12/13 + 7/8 எதற்கு அருகில் என்று கேட்டார்கள்: 1, 2, 19, 21. சரியாக 2 என்றவர்கள் 24 விழுக்காட்டினரே. தொகுதிகளைக் கூட்டினால் 19, பகுதிகளைக் கூட்டினால் 21. தவறான விடையே தவறின் காரணத்தையும் காட்டுகிறது. இதைத் திருத்த என்ன சிரமம்?

கூடவே, ‘விடை 2ஐத் தாண்டுமா, ஏன்?’ என்றும் கேளுங்கள். இரு பின்னங்களும் 1க்குச் சற்றுக் குறைவு, ஆகவே தாண்டாது. கால்குலேட்டர் 1.798 என்று காட்டும், காரணத்தை எழுதாது.