காய்ந்தால் சீறும் கரி மண்

ஆலப்புழை மாவட்டத்தில் புறக்காடு, அம்பலப்புழை பக்கம் வயலைத் தோண்டினால் அடுப்புக்கரி நிறத்தில் மண் வரும். சில இடங்களில் கறுத்து உளுத்த மரத்துண்டுகளும் சேர்ந்து வரும். எப்போதோ மூழ்கிப்போன காட்டின் மிச்சம் அது. குட்டநாட்டு உழவர்கள் இந்த வயல்களைக் ‘கரி நிலம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ‘புஞ்ச’ என்ற சொல்லைத்தான் விளக்க வேண்டும். நமக்குப் புஞ்சை என்றால் வானம் பார்த்த மேட்டு நிலம். குட்டநாட்டில் அது கடல் மட்டத்துக்குக் கீழே, வயலில் நிற்கும் நீரை இறைத்துவிட்டு விளைவிக்கும் நெற்பருவத்தின் பெயர்.

இந்த நிலத்தின் குணமும் அப்படித் தலைகீழானதுதான். மற்ற வயல்களில் கோடையில் மண் வெடித்துக் காய்ந்தால் உழவர் மகிழ்வார். கரி நிலத்தில் அதே காய்ச்சல் அடுத்த பருவத்துக்கான அமிலத்தைத் தயாரித்து வைக்கிறது. நீருக்கடியில் இருக்கும்போது பி.எச். 5, 6 என்று காட்டும் மண், காற்றில் கிடந்தால் 3க்கு அருகில் இறங்கிவிடும். 6க்கும் 3க்கும் இடையே மூன்று படிகள்தானே என்று தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், அமிலம் ஆயிரம் மடங்கு கூடிவிட்டது என்று பொருள்.

காரணம் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு. கடல்நீரில் சல்பேட் உண்டு. சேற்றில் இரும்பு உண்டு. அலையாத்திச் செடிகளும் நாணல்களும் மக்கித் தரும் கரிமப் பொருள் உண்டு. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் இவற்றைச் சேர்த்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பைரைட்டாகப் படியவிட்டன. நீர் மூடியிருக்கும்வரை அது சும்மா கிடக்கும். நீர் இறங்கி, வெடிப்பு வழியே காற்று உள்ளே போனதும் சல்பைடு கந்தக அமிலமாகிறது, இரும்பு துருவாகிறது. அமிலத்தில் வாழப் பழகிய வேறு சில பாக்டீரியாக்கள் இந்த வேலையைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. பி.எச். 4க்குக் கீழே போனால் களிமண்ணிலிருந்து அலுமினியமும் கரைந்து வெளியேறும். நெல்லின் வேர் நுனியை முதலில் கருக்குவது அதுதான்.

கண்ணுக்கும் சில அடையாளங்கள் தெரியும். வரப்பு வெட்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சளில் புள்ளி விழுந்தால் அது ஜாரோசைட், பி.எச். 4க்குக் கீழே உருவாகும் கனிமம். வடிகாலில் எண்ணெய்ப் படலம் போல மினுக்கினால் குச்சியால் கலைத்துப் பார்க்கலாம். எண்ணெயாக இருந்தால் மறுபடி கூடிக்கொள்ளும். இரும்புப் படலமாக இருந்தால் கண்ணாடிச் சில்லுபோல உடைந்து நிற்கும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது தெளிந்த நீர். அலுமினியம் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைத்துவிடுவதால், அமிலம் மிகுந்த வாய்க்கால் பளிங்குபோல இருக்கும். அதில் மீன் இருக்காது.

ஆனால் இந்த அடையாளங்கள் எல்லாம் அமிலம் பிறந்த பிறகு தெரிபவை. பிறக்கப்போகும் அமிலத்தை அறிய வேண்டுமானால், பி.எச்.ஐ ஒருமுறை பார்த்தால் போதாது.

ஒரே மண்ணுக்கு மூன்று பி.எச். உண்டு. வயலில் ஈரமாக எடுத்த உடனே அளந்தால் ஒரு எண். ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கே நிழலில் உலர்த்திச் சலித்து அளந்தால் இன்னொரு எண். மண்வள அட்டையில் ஏறுவது இந்த இரண்டாவது எண்தான். உலர்ந்துவிட்ட மண்ணில் பாக்டீரியா வேலை செய்யாது என்பதால், அமில உற்பத்தி பாதியில் நின்ற நிலையை அது காட்டுகிறது. மண்ணை ஈரப்பதத்தோடு காற்றில் வைத்திருந்து வாரக்கணக்கில் அளந்தால் கிடைப்பது மூன்றாவது எண். முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையிலான வீழ்ச்சிதான் அந்த நிலத்தின் உண்மையான சேதி. அட்டையில் அது இல்லை.

சோதனை கடினமானதல்ல. மண் துளைப்பானால் 25 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி வீதம், வடிகாலின் அடிமட்டத்துக்கும் அரை மீட்டர் கீழே வரை எடுக்க வேண்டும். எடுத்த கையோடு ஈரத்திலேயே ஓர் அளவு. பிறகு ஒவ்வொரு மாதிரியையும் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டில் பரப்பி, சொட்டவும் விடாமல் வறளவும் விடாமல் நீர் தெளித்துக் கொண்டே நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். பி.எச். மீட்டரை 4, 7 ஆகிய இரண்டு தரக் கரைசல்களிலும் சரிபார்த்துக்கொள்வது அவசியம். 16 வாரங்களுக்குள் பி.எச். அரைப் புள்ளிக்குக் குறையாமல் இறங்கி 4ஐயோ அதற்குக் கீழோ தொட்டால், அந்தப் படிவம் சல்பைடு மண் என்பது மண் வகைப்பாட்டில் பயன்படும் வரையறை.

நாலு மாதம் காத்திருக்க முடியாதவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பார்ப்பதுண்டு. நுரைத்துப் பொங்கி, பி.எச். 3க்குக் கீழே விழுந்தால் பைரைட் இருக்கிறது என்பது கணக்கு. மணற்பாங்கான கரையோர மண்ணில் இது நன்றாகவே வேலை செய்கிறது. கரி மண்ணில் கவனம் வேண்டும். அதிலுள்ள கரிமப் பொருளும் பெராக்சைடோடு பொங்கி, தன் பங்குக்கு அமிலத்தையும் தரும். சல்பைடு குறைவாக இருந்தாலும் கூடுதலாகக் காட்டிவிடும். இந்த மண்ணுக்குத் தட்டில் பரப்பிக் காத்திருக்கும் மெதுவான முறையே நம்பகமானது.

இனி சுண்ணாம்பு. கேரள வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 600 கிலோ: முதல் உழவின்போது 350 கிலோ, விதைத்தோ நட்டோ ஏறக்குறைய ஒரு மாதத்தில் 250 கிலோ. வேம்பநாட்டுக் காயலில் கிடைக்கும் கக்கா என்னும் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் அங்கே வழக்கம்.

இந்த 600 கிலோவை மண்ணிலுள்ள கடனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் மேல் 20 சென்டிமீட்டர் மண் 2,000 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்தால் 2,000 டன். அதில் சல்பைடாக ஒளிந்திருக்கும் கந்தகம் வெறும் 1 சதவீதம் என்று கொள்வோம். அது முழுவதும் அமிலமானால், அதை முறிக்க ஒரு டன் மண்ணுக்குச் சுமார் 31 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். ஹெக்டேருக்கு 62 டன். பரிந்துரைத்த அளவைப்போல நூறு மடங்கு. வேறு மாதிரி சொன்னால், அந்தச் சல்பைடில் நூறில் ஒரு பங்குக்குக் காற்றுப் பட்டாலே 600 கிலோவின் வேலை முடிந்துவிடும்.

இதனால் பரிந்துரை தவறு என்றாகிவிடாது. அது நீர் நிறுத்திய வயலை மனதில் வைத்த அளவு. மண்ணை மூழ்கவைத்தால் ஆக்சிஜன் தீர்ந்து, துரு நிலையிலுள்ள இரும்பு மறுபடி கரையும் இரும்பாக மாறும். அந்த மாற்றமே அமிலத்தை உண்டு பி.எச்.ஐ உயர்த்தும். இந்த வேதியியலை விரிவாக ஆராய்ந்து எழுதியவர், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இலங்கை விஞ்ஞானி பொன்னம்பெரும. நீர் தன் வேலையைச் செய்து முடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இளம்பயிரின் வேரைக் காப்பாற்றுவதுதான் 350 கிலோவின் பணி. நீர் செய்ய வேண்டிய வேலையையும் சுண்ணாம்பின் தலையில் கட்டினால் அது தோற்கும்.

இடுவதிலும் தோற்க வழிகள் உண்டு. பெரிய துகள்களாக இருந்தால் அவற்றின்மேல் ஜிப்சமும் துருவும் ஓடுபோலப் படிந்து, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு கரையாமலே கிடக்கும். நீற்றிய சுண்ணாம்பு விரைவாக வேலை செய்யும். ஆனால் அதன் கரைசலின் பி.எச். 12ஐத் தாண்டும் என்பதால் வாய்க்காலில் கலந்தால் மீனுக்கு அதுவும் ஆபத்து. சுண்ணாம்பு இட்ட கையோடு அம்மோனிய உரம் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போகும். முதல் மழையில் கரைந்து தேங்கும் அமில நீரை வடிக்காமல் அதன்மேலேயே சுண்ணாம்பைக் கொட்டுவதும் வீண்தான். அந்த நீரை வடித்துவிட்டுப் போடும் மூட்டைக்கு வேலை குறைவு, பலன் அதிகம்.

வடிக்கும் நீர் எங்கே போகிறது என்பதில்தான் இது தனி உழவரின் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டுகிறது. பாடசேகரம் எனப்படும் ஒரு வயல் தொகுதி இறைத்துத் தள்ளும் நீர் பொது வாய்க்காலுக்குப் போகிறது. அடுத்த பாடசேகரம் அங்கிருந்தே நீர் எடுக்கிறது. 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டப்படும் வரை, கோடையில் உப்புநீர் ஏறி இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தது. கடல்நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டுக்கு அமிலத்தை முறிக்கும் சக்தி உண்டு: ஒரு கன மீட்டர் கடல்நீர் நூறு கிராமுக்குச் சற்று மேல் சுண்ணாம்புக்கல் தூளுக்குச் சமம். சொட்டுக்குச் சொட்டு பார்த்தால் அற்பம். ஓதம் தினமும் வருவது என்பதால் அற்பமல்ல.

ஆஸ்திரேலியாவில் இதைத் திட்டமிட்டே செய்தார்கள். கெய்ன்ஸ் நகருக்கு எதிரே ஈஸ்ட் டிரினிட்டியில், 1970களில் கரும்புக்காக 700 ஹெக்டேர் அளவிலான ஓத நிலத்தைக் கரை போட்டு வடித்தார்கள். கரும்பு விளையவில்லை, கழிமுகத்தில் அமிலம் வழிந்தது. 2000இல் குயின்ஸ்லாந்து அரசு நிலத்தை வாங்கியது. பிறகு மதகுகளைப் படிப்படியாகத் திறந்து ஓத நீரை உள்ளே விட்டு, கடல்நீர் போதாத இடத்தில் மட்டும் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். அங்கே நீர் முதன்மை, சுண்ணாம்பு துணை.

குட்டநாட்டில் அப்படியே மதகைத் திறந்துவிட முடியாது. புஞ்சப் பயிர் வயலில் நிற்கும்போது உப்பு ஏறினால் நெல் போகும். மீனவர்கள் திறக்கச் சொல்வதும் உழவர்கள் மூடச் சொல்வதும் அதனால்தான். நாற்றுப் பருவம் பிந்தினால் அறுவடை பிந்துகிறது. அறுவடை பிந்தினால் மதகு திறப்பது பிந்துகிறது. கரி நிலம் அவ்வளவு நாள் கழுவப்படாமல் கிடக்கிறது. சுண்ணாம்பு மானியத்தை எல்லா வயலுக்கும் ஒரே கணக்கில் பிரிப்பதைவிட, பி.எச். வீழ்ச்சி பெரிதாக உள்ள பாடசேகரங்களைப் பிரித்தறிந்து, அறுவடை முடிந்ததும் அங்கே மண் வெடிக்காதபடி நீர் நிறுத்துவதற்கு உதவுவது பயன் தரும். வீழ்ச்சி சிறிதாக உள்ள வயலுக்கு 600 கிலோ போதும். 5.5இலிருந்து 2.8க்கு விழும் வயலில் அதை இரட்டிப்பாக்கினாலும், ஒரு கோடைக் காய்ச்சல் அதைத் தின்றுவிடும்.

நாள்காட்டியும் இதற்கு இடம் தருகிறது. மார்ச் அறுவடையின்போது மண் எடுத்துத் தட்டில் பரப்பினால், 16 வாரம் ஜூலையில் முடியும். எட்டாவது வாரத்திலேயே எந்த மாதிரி விழுகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அது மே மாதம், பருவமழைக்கு முன். எந்த வயலில் உடனே நீர் நிறுத்துவது என்று அப்போதே சொல்லலாம். புஞ்சப் பருவத்துக்கு நீர் இறைக்கத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபருக்குள், எந்தப் பாடசேகரத்துக்கு எத்தனை மூட்டை கக்காச் சுண்ணாம்பு என்ற பட்டியலும் தயாராக இருக்கும்.