‘நல்லா இல்லை’ என்று மட்டும் சொன்னால் கடிதம் திருந்துமா?

ஜூனியர் ஒருவர் கடித டிராஃப்ட்டை அனுப்பி, “ஒரு தடவை பாருங்க” என்கிறார். பல சீனியர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். “இன்னும் கொஞ்சம் ப்ரொஃபஷனலா எழுதுங்க” என்று திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால் முழுக் கடிதத்தையும் தாங்களே மாற்றி எழுதிவிடுவார்கள். முதலாவதில் எதை மாற்றுவது என்று ஜூனியருக்குப் புரியாது. இரண்டாவதில் ஏன் மாறியது என்று புரியாது. அடுத்த கடிதத்திலும் அதே தப்பு வரும்.

ஒரு உதாரணம். 40 நாற்காலிகள் ஆர்டர் கொடுத்த பள்ளிக்கு, 10-ம் தேதி டெலிவரி தள்ளிப்போகிறது என்று சொல்ல வேண்டும். ஆர்டர் எண்ணுடன் தொடங்கும் டிராஃப்ட், “தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டுள்ளது. விரைவில் அனுப்பி வைக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று முடிகிறது.

இதற்கு எழுத வேண்டிய முதல் குறிப்பு, சரியாக இருப்பதைப் பற்றியது: “ஆர்டர் எண்ணை முதல் வரியிலேயே போட்டிருக்கீங்க. அவங்க தேட வேண்டாம். இதை மாத்தாதீங்க.” இது வெறும் பாராட்டு இல்லை. திருத்தும்போது நல்ல வரியும் சேர்ந்து காணாமல் போவதைத் தடுக்கிறது.

அடுத்து, முக்கியமான குறை: “‘விரைவில்’னு படிச்சதும் அவங்க போன் பண்ணி, ‘எப்போ?’னு கேட்பாங்க. தேதி உறுதின்னா எழுதுங்க. இல்லைன்னா, எந்த நாளுக்குள்ள தேதியைச் சொல்வோம்னு எழுதுங்க.” இங்கே ‘நீங்க தெளிவா எழுதலை’ என்ற குற்றச்சாட்டு இல்லை. அந்த வரியைப் படிப்பவர் என்ன செய்வார் என்பதுதான் இருக்கிறது. எழுத்தில் குரலோ சிரிப்போ தெரியாது என்பதால், ஆளை விட்டுவிட்டு வரியைப் பற்றிப் பேசுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, கட்டாயத்தையும் விருப்பத்தையும் பிரித்துக் காட்டுவது: “தேதி கண்டிப்பா வேணும். ‘வருந்துகிறோம்’ என்பதற்குப் பதிலா ‘மன்னிக்கவும்’ போடலாம், அது உங்க இஷ்டம்.” இப்படிப் பிரிக்காவிட்டால், சீனியரின் ரசனையும் விதியாகிவிடும்.

எழுத்துப்பிழைகளை முதல் சுற்றில் தொட வேண்டாம். பிழையுள்ள வரியே அடுத்த டிராஃப்ட்டில் இருக்காமல் போகலாம். கூகுள் டாக்ஸில் பார்ப்பவர்கள் Editing-ஐ விட்டு Suggesting-க்கு மாறினால், பழைய வரியும் புதிய வரியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். காரணத்தை Comment-இல் எழுதலாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. கடிதம் பத்து நிமிடத்தில் போக வேண்டுமென்றால் சீனியரே திருத்தி அனுப்பட்டும். ஆனால் அன்று மாலைக்குள், எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி ஜூனியருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த இரண்டு வரி போகாவிட்டால், அடுத்த கடிதத்தையும் சீனியரே உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும்.