மும்பை சொசைட்டி ஃப்ளாட்: நாமினிக்குக் கிடைப்பது வீடா, சாவியா?

சாயல்குடியில் ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அப்பா இளவயதிலேயே மும்பைக்கு வேலைக்குப் போனவர். சிறுகச் சிறுகச் சேர்த்து, அங்கே ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சொசைட்டியில் ஃப்ளாட் வாங்கினார். உயில் எழுதாமலே இறந்துவிட்டார். ஊரில் அம்மா, தம்பி, தங்கை இருக்கிறார்கள். மூத்த மகன் மும்பையில் அந்த ஃப்ளாட்டிலேயே குடியிருக்கிறார்.

காரியம் முடிந்த கையோடு பேச்சு வருகிறது. "நாமினியா அப்பா எம்பேரைத்தான் எழுதியிருக்காரு. அப்ப வீடு எனக்குத்தானே?" என்கிறார் அண்ணன். "அதெப்படிண்ணே, எங்களுக்குப் பங்கு இல்லையா?" என்கிறார் தங்கை.

யார் சொல்வது சரி? அதற்கு முன்னால், அந்த ஃப்ளாட்டில் அப்பாவுக்கு இருந்த உரிமை என்ன வகை என்று பார்க்க வேண்டும்.

சென்னை ஃப்ளாட் வேறு, மும்பை ஃப்ளாட் வேறு

சென்னையிலோ மதுரையிலோ ஃப்ளாட் வாங்கினால், நிலத்தில் ஒரு பிரிபடா பங்கு உங்கள் பெயரில் கிரயம் ஆகும். குடியிருப்போர் சங்கம் பராமரிப்பைக் கவனிக்கும், அவ்வளவுதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, கடந்த 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படியும் வீட்டின் உரிமையாளர் நீங்கள்தான். பங்குச் சான்றிதழ் என்ற பேச்சே அங்கே பொதுவாக வராது.

மும்பையில் கணக்கு வேறு. பில்டர் நிலத்தையும் கட்டடத்தையும் சொசைட்டி பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு சட்டப்படி அவற்றுக்குச் சொந்தக்காரர் சொசைட்டி. உறுப்பினரிடம் இருப்பது இரண்டு காகிதங்கள். ஒன்று, ஃப்ளாட் வாங்கியதற்கான பதிவு செய்த ஒப்பந்தம். இன்னொன்று, சொசைட்டி தந்த பங்குச் சான்றிதழ். அதில் வழக்கமாக 50 ரூபாய் மதிப்பில் 5 அல்லது 10 பங்குகள்தான் இருக்கும். ஆனால் அந்தச் சில நூறு ரூபாய்ப் பங்கோடு ஃப்ளாட்டில் குடியிருக்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த உரிமையும் விற்கத்தக்க சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது.

அதனால்தான் மும்பையில் ஃப்ளாட் கைமாறினால், பத்திரப் பதிவோடு வேலை முடிவதில்லை. சொசைட்டி கமிட்டி ஒப்புக்கொண்டு, பங்குச் சான்றிதழின் பின்பக்கத்தில் புதியவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாமினி என்ற பேச்சு வருவதும் இந்த இடத்தில்தான்.

நாமினி எதற்கு?

உறுப்பினர் இறந்துவிட்டால் பராமரிப்புக் கட்டணத்தை யாரிடம் கேட்பது, நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? சொசைட்டிக்கு உடனே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நாமினி. வீடு கடைசியில் யாருக்கு என்பதை வாரிசுச் சட்டம் அல்லது உயில் தீர்மானிக்கும்.

உச்ச நீதிமன்றம் 1984-ல் ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றிய சர்பதி தேவி வழக்கில் இதைத்தான் சொன்னது: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் தீர்ப்பு வந்தது.

வீட்டு சொசைட்டி பற்றிய நேரடித் தீர்ப்பு, 2016-ல் வந்த இந்திராணி வாஹி வழக்கு. கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் ஒருவர் தன் மகளை நாமினியாக எழுதியிருந்தார். அவர் இறந்ததும் மனைவியும் மகனும் எதிர்த்தார்கள். நாமினேஷன் சரியாக இருந்தால், சொசைட்டி அதன்படிதான் பங்கை மாற்ற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பின் இந்தப் பாதியை மட்டும் படித்துவிட்டு, நாமினிக்கே வீடு என்று சொல்பவர்கள் உண்டு. மீதிப் பாதியில், மற்ற குடும்பத்தினர் தங்கள் வாரிசுரிமையைத் தனியாக வழக்குப் போட்டுக் கோரலாம் என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மகாராஷ்டிரா 2019-ல் தன் கூட்டுறவுச் சட்டத்தைத் திருத்தி, இந்தக் குழப்பத்தைக் குறைத்தது. அதன் 154பி-13 பிரிவுப்படி, நாமினி 'தற்காலிக உறுப்பினர்' மட்டுமே. சட்டப்படியான வாரிசுகள் உறுப்பினராகும் வரைதான் அவருக்கு அந்த இடம்.

நம் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு?

உயில் இல்லை. குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாட் அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது. அப்படியானால் அம்மா, அண்ணன், தம்பி, தங்கை நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. அப்போது ஐந்தில் ஒன்று ஆகிவிடும். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது கணக்கிலேயே வராது.

ஆக, தங்கை சொல்வதுதான் சரி. அண்ணன் நாமினி என்ற முறையில் இறப்புச் சான்றோடும் பங்குச் சான்றிதழோடும் விண்ணப்பித்துத் தற்காலிக உறுப்பினர் ஆகலாம். மாதிரித் துணைவிதிகள் இதற்கு 6 மாதம் சொல்கின்றன. ஆனால் மற்றவர்களின் பங்கை அவர் தன்னிச்சையாக விற்க முடியாது.

வீட்டை அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று எல்லாரும் ஒத்துப்போனால், மற்ற மூவரும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சொத்து இருக்கும் மும்பையில்தான் அதைப் பதிய முடியும். போக முடியாதவர்கள் உங்கள் பகுதி சார்பதிவாளர் முன்னிலையில் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம்.

நம்மூர்க்காரர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கடலாடி தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இங்கே பல வேலைக்குச் செல்லும். மகாராஷ்டிராவில் வாரிசுச் சான்று என்றால் சிவில் நீதிமன்றம் தருவது. தாசில்தார் சான்றை மட்டும் நீட்டினால் சொசைட்டி திருப்பி அனுப்பக்கூடும். பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமோ இருந்தால் வேலை சுலபம்.

டிரான்ஸ்ஃபர் பணம் எவ்வளவு?

மாதிரித் துணைவிதிப்படி மாற்றுக் கட்டணம் 500 ரூபாய், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். வெளியாள் ஒருவருக்கு விற்கும்போது இதற்கு மேல் 'டிரான்ஸ்ஃபர் பிரீமியம்' கேட்கலாம். மாநகராட்சிப் பகுதியில் அதன் உச்சவரம்பு 25,000 ரூபாய். மாநில அரசு 2001-ல் வைத்த வரம்பு இது. வாரிசுக்கோ நாமினிக்கோ மாற்றும்போது இந்த பிரீமியமே கிடையாது. "கட்டட நிதிக்கு நன்கொடை கொடுங்க, உடனே பேரை மாத்தித் தர்றோம்" என்று கேட்டால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் புகார் செய்யலாம்.

ஏமாறுவது எங்கே?

அண்ணன் பெயரைத் தற்காலிகம் என்று குறிக்காமல், முழு உறுப்பினராகவே சான்றிதழில் எழுதிவிடும் கமிட்டிகளும் உண்டு. அந்தச் சான்றிதழைக் காட்டி அவர் வீட்டை விற்கப் பார்க்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியவே மாதங்கள் ஆகும். அதனால் அப்பா இறந்த உடனேயே, "நாங்களும் வாரிசுகள், எங்கள் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது" என்று சொசைட்டி செயலாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதிவிடுங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பங்கு யாருக்கு என்ற சண்டையை கமிட்டியால் தீர்க்க முடியாது. அதற்குச் சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குதான் வழி.

அப்பா உயிரோடு இருக்கும் வீடுகளில் வேலை இன்னும் எளிது. நாமினேஷன் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வேண்டுமானால் அவர் மாற்றிக்கொள்ளலாம். யாருக்கு வீடு சேர வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ, அதை இரண்டு சாட்சிகளோடு உயிலாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாமினி படிவம் அந்த வேலையைச் செய்யாது.